இருவரும் தலசீமியா கேரியர்: ஆலோசனைக்குப் பின் வீட்டுக்குப் போகும் கடிதம்

மரபணு ஆலோசனையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டதில் பாதிக்கு மேல், கோவையில் பஸ் ஏறி அன்னூர் தாண்டுவதற்குள் மறந்துபோகும். அது கேட்டவர்களின் குறை அல்ல. 'குழந்தைக்கு' என்ற சொல் காதில் விழுந்த பிறகு வேறெதுவும் மனதில் தங்குவதில்லை. வீடு வரைக்கும் போவது கடிதம்தான். அதைக் கணவனும் மனைவியும் மட்டும் படிப்பதில்லை. மாமியார் படித்துக் காட்டச் சொல்வார். ஊர் டாக்டர் பார்ப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் பார்ப்பார். இரண்டு வருடம் கழித்து, அடுத்த கர்ப்பத்தில், வேறொரு மகப்பேறு மருத்துவர் அதே தாளை விரிப்பார்.

அப்படிப்பட்ட கடிதம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பரிசோதனையில் என்ன தெரிந்தது? அதனால் இந்தக் குழந்தைக்கு என்ன? எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த இடத்தைக் குடும்பம் தானே நிரப்பிக்கொள்ளும். 'தலையெழுத்து' என்ற பேச்சும், 'அவ வீட்டு ரத்தம்' என்ற பேச்சும் அங்கேதான் முளைக்கின்றன.

விளக்கத்துக்காக ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். கோபிசெட்டிபாளையம் பக்கம். கணவர் மனைவிக்குச் சொந்த அத்தை மகன். முதல் கர்ப்பம். கடைசி மாதவிடாய் ஏப்ரல் 5. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் மனைவியின் ஹீமோகுளோபின் 10.1 கிராம். அதோடு எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 63 என்று வந்தது. 80-க்குக் கீழே போனால் அணு சிறியது என்று பொருள். ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை மட்டும் குறையாமல் 53 லட்சம், அதாவது 5.3 மில்லியன், இருந்தது. இரும்புச்சத்து மட்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் அணுவின் அளவும் குறையும், எண்ணிக்கையும் குறையும். அளவு சிறுத்து எண்ணிக்கை நிறைய இருந்தால் தலசீமியா கேரியராக, அதாவது நோய் இல்லாமல் மாறிய மரபணுவை ஒரு பிரதி மட்டும் கொண்டவராக, இருக்கலாம் என்ற சந்தேகம் வரும். எம்.சி.வி.யை எண்ணிக்கையால், அதாவது 63-ஐ 5.3-ஆல் வகுத்தால் 12-க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. 13-க்குக் கீழே வந்தால் அந்தச் சந்தேகம் கூடும். இது சந்தேகத்துக்கான கணக்குதான், முடிவு அல்ல. முடிவைச் சொல்வது, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. பரிசோதனை. அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 5.4 சதவீதம் இருந்தது. சாதாரணமாக 3.5-க்குள் இருக்கும், 4-ஐத் தாண்டி, அணுவும் சிறியதாக இருந்தால் பீட்டா தலசீமியா கேரியர் என்று சொல்லலாம். உடனே கணவருக்கும் பார்த்தார்கள். அவருக்கு ஹீமோகுளோபின் 13.2, எம்.சி.வி. 66, ஏ2 5.1 சதவீதம். அவரும் கேரியர். ஜூன் 10-ஆம் தேதி, கர்ப்பம் 9 வாரம் 3 நாளில், இருவரும் ஆலோசனைக்கு வந்தார்கள். மறுநாள் கடிதம் எழுத வேண்டும்.

முதல் பத்தி

பல கடிதங்கள் நோயின் வரையறையில் தொடங்குகின்றன. 'தலசீமியா என்பது ஒரு பரம்பரை ரத்த நோய்' என்று முதல் வரி இருந்தால், படிப்பவர் அந்த வரியைத் தன் பெயரோடு சேர்த்துப் படித்துவிடுவார். அதற்குப் பிறகு 'நீங்கள் நலமாக இருக்கிறீர்கள்' என்று எழுதினாலும் ஆறுதல் வார்த்தையாகத்தான் தெரியும். முதல் பத்தி அவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். இந்தத் தம்பதிக்கு அது இப்படி வரலாம்:

"ஜூன் 10 அன்று நாம் பேசியதை இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறோம். ரத்தப் பரிசோதனைப்படி நீங்கள் இருவருமே பீட்டா தலசீமியா கேரியர்கள். கேரியராக இருப்பது நோய் அல்ல. இதனால் உங்கள் இருவருக்கும் பின்னாளில் தலசீமியா நோய் வராது. நீங்கள் இருவரும் கேரியர் என்பதால், பிறக்கப்போகும் குழந்தைக்குத் தலசீமியா நோய் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உள்ளது. இல்லாமல் இருக்க நான்கில் மூன்று வாய்ப்பு உள்ளது. கர்ப்பத்திலேயே இதைத் தெரிந்துகொள்ளப் பரிசோதனை உண்டு. வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், அதற்கான முதல் ரத்தத்தை ஜூன் 13-க்குள் கொடுக்க வேண்டும்."

மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. மீதிக் கடிதத்தைப் படிக்காதவருக்கும் இது போதும்.

'கேரியர்' என்ற சொல்லைக் கடிதம் முழுக்க மாற்றக் கூடாது. ஆய்வக ரிப்போர்ட்டுகளில் இதே விஷயம் ட்ரெய்ட், மைனர், ஹெட்டரோசைகஸ் என்று பல பெயரில் வரும். நம் தம்பதியில் மனைவியின் ரத்தம் ஒரு லேபிலும் கணவரின் ரத்தம் இன்னொரு லேபிலும் பார்த்தது. ஒன்றில் 'ட்ரெய்ட்', மற்றதில் 'மைனர்'. கணவருக்கு இருப்பது சின்னது, மனைவிக்கு இருப்பது வேறு என்று குடும்பம் எண்ணிக்கொள்ள இதுவே போதும். 'மைனர்' என்பதை, இன்னும் பெரிதாகாத நோய் என்று எடுத்துக்கொண்டு, அது எப்போது 'மேஜர்' ஆகும் என்று கேட்பவர்களும் உண்டு. அதனால் ஒரு வரி தேவை: "உங்கள் ரிப்போர்ட்டுகளில் ட்ரெய்ட், மைனர் என்று வேறு வேறு பெயர் இருந்தாலும் இருவருக்கும் இருப்பது ஒன்றேதான். மைனர் ஒருநாளும் மேஜராக மாறாது." 'நோய் கடத்தி' என்று எழுதவே கூடாது. கொசுவுக்குச் சொல்லும் வார்த்தை அது. ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வரும். 'பாசிட்டிவ்' என்பதும் வேண்டாம். 'பாதிக்கப்பட்ட தம்பதி', 'குறையுள்ள மரபணு' போன்றவற்றையும் விட்டுவிடலாம். 'மாறிய பிரதி' என்றாலே போதும், அதுதான் சரியும்கூட.

நான்கில் ஒன்று

வாய்ப்புக் கணக்குதான் இந்தக் கடிதத்தில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் பகுதி. '25 சதவீத பாதிப்பு' என்று எழுதினால், குழந்தைக்குக் கால்வாசி நோய் இருக்கும் என்று புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். 'நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு' என்று எழுதினால், "அப்போ மொத மூணுக்குப் பயமில்லீங்களா?" என்ற கேள்வி வரும். ஒரே குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர், நமக்கு அந்தக் கணக்கே இல்லை என்று விட்டுவிடுவார். ஏற்கெனவே நோயுள்ள குழந்தை ஒன்று இருக்கும் வீட்டில், 'எங்கள் பங்கு முடிந்தது' என்று நினைப்பார்கள். பிந்திய இரண்டும் ஆபத்தான புரிதல்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பத்தியில் ஓரிடத்தில் 'இரண்டில் ஒன்று' என்றும் அடுத்த வரியில் 'நான்கில் ஒன்று' என்றும், பிறகு '75 சதவீதம்' என்றும் எழுதினால், எது பெரியது என்றே பலருக்குப் பிடிபடாது. எல்லாவற்றையும் நான்கிலேயே சொல்ல வேண்டும். பாதியைக்கூட 'நான்கில் இரண்டு' என்று. கடிதத்தில் இப்படி எழுதலாம்:

"ஹீமோகுளோபின் செய்யும் பீட்டா குளோபின் மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதியாக இருக்கும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு பிரதி மாறியிருக்கிறது, மற்றொன்று நன்றாக வேலை செய்கிறது. அந்த ஒன்றே உங்கள் உடலுக்குப் போதுமாக இருக்கிறது. குழந்தைக்கு நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு பிரதி கொடுக்கிறீர்கள். எது போகும் என்பது யார் கையிலும் இல்லை. சாப்பாட்டாலோ வேலையாலோ மாறுவதும் இல்லை.

நான்கில் ஒரு வாய்ப்பு: மாறிய பிரதி எதுவும் குழந்தைக்கு வராது.
நான்கில் இரண்டு வாய்ப்பு: ஒன்று வரும். குழந்தை உங்களைப் போலக் கேரியராக இருக்கும், நோய் இருக்காது.
நான்கில் ஒரு வாய்ப்பு: இரண்டும் வரும். குழந்தைக்குத் தலசீமியா நோய் இருக்கும்.

இந்தக் கணக்கு ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகத் தொடங்கும். முந்தைய குழந்தைக்கு என்ன வந்தது என்பது அடுத்த குழந்தையின் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. ஆண், பெண் இரண்டுக்கும் ஒரே கணக்கு."

பூவா தலையா சுண்டுவதைப் போல என்று நேரில் சொல்லலாம், கையில் காசு இருந்தால் சுண்டியே காட்டலாம். கடிதத்தில் அது வேண்டியதில்லை.

நோய் என்றால் என்ன என்பதையும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். 'வாழ்நாள் முழுதும் துன்பம்' என்று எழுதினால் முடிவை நாமே எடுத்துக்கொடுத்ததாகும். 'இப்போது நல்ல சிகிச்சை இருக்கிறது' என்று மட்டும் எழுதி நிறுத்தினாலும் அப்படித்தான். நடப்பதைச் சொன்னால் போதும்: "பீட்டா தலசீமியா மேஜர் உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 2 வயதுக்கும் இடையில் ரத்தசோகை வெளியே தெரியும். அதன்பின் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மருந்து வேண்டும். முறையாகச் சிகிச்சை பெறுபவர்கள் படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்துகிறார்கள். பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்து குணமாக்க முடியும். அதில் ஆபத்துகளும் உண்டு. சில மரபணு மாற்றங்களில் நோய் லேசாக இருக்கும். உங்கள் மாற்றம் எது என்பது ரத்தத்தின் மரபணுப் பரிசோதனையில் தெரிந்த பிறகு இதை இன்னும் திருத்தமாகச் சொல்ல முடியும்."

"எங்க கூட்டத்துல யாருக்குமே இல்லீங்களே"

கொங்கு வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கடிதம் இதற்குப் பதில் சொல்லாவிட்டால் பழி மருமகள் மேல் விழும்; ரிப்போர்ட் முதலில் அவருடையதுதானே வந்தது.

கூட்டம் தந்தை வழியில் போவது. ஒரே கூட்டத்தார் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். அதனால், 'வேறு கூட்டத்தில்தானே கட்டினோம், ரத்தம் எப்படி ஒன்றாகும்' என்று நினைப்பது இயல்பு. ஆனால் மரபணு தாய் வழியிலும் வருகிறது. நம் தம்பதியில் கணவரின் கூட்டம் வேறு, மனைவியின் கூட்டம் வேறு. ஆனால் கணவரின் அம்மா பிறந்தது மனைவியின் வீட்டில். மனைவிக்கு அப்பாரு, அப்பத்தாளாக இருக்கும் அதே இருவர்தான் கணவருக்கு அப்புச்சி, அம்முச்சி. அவர்களில் ஒருவர் கேரியராக இருந்திருந்தால், அதே மாறிய பிரதி மகன் வழியாகப் பேத்திக்கும் மகள் வழியாகப் பேரனுக்கும் வந்திருக்கலாம். கூட்டப் பெயர் மாறினாலும் பிரதி மாறாமல் வரும்.

கேரியர்கள் நலமாக இருப்பதால்தான் குடும்பத்தில் யாருக்கும் தெரிவதில்லை. இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் மட்டுமே நோய் வெளியே வரும், அப்போதும் நான்கில் ஒன்றுதான். 'யாருக்குமே இல்லை' என்பதற்கு 'யாரும் நோயாளியாக இல்லை' என்று அர்த்தமே தவிர, யாரும் கேரியர் இல்லை என்று அர்த்தமல்ல.

இதைக் கடிதத்தில் எழுதும்போது எச்சரிக்கை வேண்டும். 'சொந்தத்தில் திருமணம் செய்ததால்' என்ற தொடர் வந்தால் திருமணத்தைச் செய்துவைத்த பெரியவர்கள் குற்றவாளி ஆகிவிடுவார்கள், அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. உறவே இல்லாத இருவரும் கேரியராக இருக்கலாம். இந்தியாவில் நூற்றுக்கு 3 முதல் 4 பேர் பீட்டா தலசீமியா கேரியர்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. கடிதத்துக்கு இது போதும்: "இந்த மாறிய பிரதி உங்கள் இருவருக்கும் பெற்றோரிடமிருந்து வந்தது, நீங்கள் உறவினர் என்பதால் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கவும் வாய்ப்புண்டு. யாரும் தெரிந்து கொடுத்ததல்ல. குழந்தைக்கு நோய் வருவதற்கு இருவரின் பிரதியும் சமமாகக் காரணம்; ஒருவர் பக்கம் மட்டும் என்று சொல்ல முடியாது." பெயர்களை எழுதும் இடமெல்லாம் 'இருவரும்' என்றே எழுதுவதும், ரிப்போர்ட் எண்களைத் தரும்போது இருவருடையதையும் பக்கம் பக்கமாகத் தருவதும் இதே காரணத்துக்காகத்தான்.

தேதிகள்

'கூடிய சீக்கிரம்', 'தகுந்த நேரத்தில்' என்ற சொற்களால் பல குடும்பங்கள் வாய்ப்பைத் தவறவிட்டிருக்கின்றன. 11-ஆவது வாரம் என்று எழுதினாலும் போதாது. வாரக் கணக்கை மருத்துவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகிறார்கள், வீட்டில் நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுகிறார்கள். ஒரு மாதம் வித்தியாசம் வந்துவிடும். காலண்டர் தேதியைத்தான் எழுத வேண்டும், அதுவும் ஸ்கேனில் உறுதிசெய்த கர்ப்ப வயதை வைத்து.

முதல் படி, இருவரின் ரத்தத்திலும் மரபணுப் பரிசோதனை. ஹெச்.பி.எல்.சி. கேரியர் என்று சொல்லும், மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்று சொல்லாது. அது தெரியாமல் கருவில் எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. இந்தியாவில் அதிகம் காணப்படும் மாற்றம் ரிப்போர்ட்டில் `HBB:c.92+5G>C` என்று அச்சாகி வரும். ஆனால் அதுதான் இருக்கும் என்று ஊகித்துவிட முடியாது. இந்தப் பரிசோதனைக்கு நாள் பிடிக்கும். கருவிலிருந்து மாதிரி எடுத்த பிறகு பெற்றோர் ரத்தத்தை அனுப்பினால், முடிவு தாமதமாகும். ஜூன் 13-க்குள் என்று முதல் பத்தியிலேயே எழுதியது இதனால்தான்.

அடுத்து, நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்க்கும் சி.வி.எஸ். பரிசோதனை. 11 வாரம் முடிந்ததிலிருந்து 14 வாரம் முடிவதற்குள் செய்வார்கள். நம் தம்பதிக்கு அது ஜூன் 21 முதல் ஜூலை 11 வரை. அதைத் தவறவிட்டால் பனிக்குட நீர் எடுக்கும் ஆம்னியோசென்டசிஸ். 15 வாரம் முடிந்த பிறகு, பல இடங்களில் 16 வாரத்தில் செய்கிறார்கள். 16 வாரம் முடிவது ஜூலை 26. கைதேர்ந்தவர் செய்தால் இவற்றால் கூடுதலாகக் கருச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு 200-ல் 1-க்கும் குறைவு. இதை 'ஆபத்து இல்லை' என்றும் எழுதக் கூடாது, எண் இல்லாமல் 'கருச்சிதைவு ஏற்படலாம்' என்றும் எழுதக் கூடாது. எண் இல்லாத 'ஏற்படலாம்' என்பதைப் படிப்பவர்கள் பாதிக்குப் பாதி என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்தியச் சட்டப்படி, ஹீமோகுளோபின் தொடர்பான பரம்பரை நோய்களைக் கண்டறியக் கருவில் பரிசோதனை செய்ய அனுமதி உண்டு. கர்ப்பிணிக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்துமூலமான ஒப்புதல் வாங்கி, அதன் பிரதியை அவருக்குத் தர வேண்டும். குழந்தை ஆணா பெண்ணா என்பதைச் சொல்ல மாட்டார்கள். கடைசி வரியைக் கடிதத்திலேயே போட்டுவிடுவது நல்லது. பரிசோதனை அன்று யாராவது கேட்டுச் சங்கடப்பட வேண்டியிருக்காது.

முடிவு வந்தபின் என்ன என்பதையும் கடிதம் மறைக்கக் கூடாது. "முடிவு தெரிந்த பிறகு கர்ப்பத்தைத் தொடரலாம், அப்படித் தொடரும் குடும்பங்களுக்கு, குழந்தை பிறப்பதற்கு முன்பே சிகிச்சை மையத்தோடு தொடர்பு ஏற்படுத்தித் தருவோம். தொடர வேண்டாம் என்று முடிவு செய்தால், 20 வாரம் வரை, அதாவது ஆகஸ்ட் 23 வரை, ஒரு மருத்துவரின் கருத்துப்படி செய்யலாம். 24 வாரம் வரை, செப்டம்பர் 20 வரை, குழந்தைக்குக் கடும் பாதிப்பு இருக்கும் நிலையில் இரண்டு மருத்துவர்களின் கருத்துப்படி செய்யலாம். இதற்கான ஒப்புதல் மனைவியுடையது மட்டுமே. பரிசோதனையே வேண்டாம் என்பதும் உங்கள் உரிமை. அப்படியானால் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம்."

அந்தக் கடைசி வழியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பெரும்பகுதி, கருவிலேயே உருவாகும் ஹீமோகுளோபின் எஃப். அதனால் பெரியவர்களுக்குச் செய்யும் ஏ2 அளவீடு அப்போது எதையும் உறுதியாகச் சொல்லாது. பிறந்ததும் ஹெச்.பி.எல்.சி. செய்து 'ஏ2 கூடவில்லை, நார்மல்' என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு வயதில் வெளிறிய குழந்தையோடு திரும்பி வருவது இதனால் நடக்கிறது. பெற்றோரின் மாற்றம் முன்பே தெரிந்திருந்தால் பிறந்த உடனே மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆகவே கர்ப்பத்தில் பரிசோதனை வேண்டாம் என்பவர்களும் பெற்றோர் ரத்தப் பரிசோதனையை மட்டும் செய்துவைத்தால் நல்லது என்பதைக் கடிதத்தில் சேர்க்க வேண்டும்.

இரும்பு மாத்திரை

இந்த ஒரு வரி விட்டுப்போனால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். ஹீமோகுளோபின் 10 என்று பார்க்கும் ஒருவர் மாத்திரையைக் கூட்டுவார், அது ஏறாததால் ஊசி போடுவார். கேரியர் என்று பார்க்கும் இன்னொருவர், தலசீமியாக்காரருக்கு இரும்பு ஆகாது என்று நிறுத்திவிடுவார். இரண்டுக்கும் பதில் ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பு அளவில் இருக்கிறது. நம் மனைவிக்கு ஃபெரிட்டின் 22. கர்ப்பத்தில் 30-க்குக் கீழே இருந்தால் இரும்பு குறைவு என்றே கொள்ள வேண்டும். அவருக்கு மாத்திரை தேவை. ஆனால் இரும்பு நிரம்பிய பிறகும் எம்.சி.வி. 63-ஐ ஒட்டியேதான் இருக்கும், ஹீமோகுளோபினும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

"ஏனுங்க, மாத்திரை சாப்பிட்டா இது சரியாயிருமுங்களா?" என்பதற்கும் பதில் இதிலேயே வர வேண்டும்: "இரும்பு மாத்திரை உங்கள் உடலில் இப்போது குறைவாக உள்ள இரும்பை நிரப்பும். கேரியர் என்பதை அது மாற்றாது, மாற்றத் தேவையும் இல்லை. ஃபெரிட்டினை மறுபடி பார்த்துத்தான் மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடருங்கள்." கணவருக்கு, ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு டானிக் எதுவும் வேண்டாம் என்று ஒரு வரி.

கணவரின் முடிவு வேறாக இருந்திருந்தால்

ஒருவர் மட்டும் கேரியராக இருக்கும் கடிதம்தான் அதிகம் எழுதப்படும், அதைத்தான் அதிகம் குழப்புகிறார்கள். கணவரின் எம்.சி.வி. 88, ஏ2 2.6, வேறு ஹீமோகுளோபின் வகை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது நோயின் விவரமே கடிதத்தில் தேவையில்லை. "உங்கள் குழந்தை கேரியராக இருக்க நான்கில் இரண்டு வாய்ப்பு. கணவரின் முடிவின்படி, குழந்தைக்குத் தலசீமியா மேஜர் வரும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. கர்ப்பத்தில் சி.வி.எஸ். போன்ற பரிசோதனை இதற்காகத் தேவையில்லை." நூறு சதவீத உத்தரவாதம் என்று எழுதக் கூடாது, ரத்தப் பரிசோதனை எதுவும் அதைத் தராது. அதே சமயம், 'முற்றிலும் மறுப்பதற்கில்லை' என்று சட்டப் பாதுகாப்புக்காகச் சேர்க்கும் வரி, மேலே உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். 'எதிர்பார்க்கக் காரணம் இல்லை' என்பது உண்மையும்கூட, படிப்பவர் தூங்கவும் முடியும்.

கணவர் தலசீமியா கேரியராக இல்லாவிட்டாலும், அவருக்கு அரிவாள் அணு அல்லது ஹீமோகுளோபின் இ கேரியர் என்று வந்தால் அது 'வேறு வகை, கவலையில்லை' என்பதாகாது. மனைவியின் தலசீமியாவோடு அவை சேர்ந்தாலும் குழந்தைக்கு நோய் வரலாம். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணு மாற்றம் இருப்பது அறிந்ததே. மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் கடிதம் எழுதுபவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கணவரின் ஏ2 3.6 என்று நடுவில் நின்றால், 'சந்தேகத்துக்குரியது' என்ற சொல்லை விட்டுவிட்டு, முடிவாகவில்லை என்று நேராகச் சொல்ல வேண்டும். இரும்புக் குறைவு ஏ2-வைக் கொஞ்சம் இறக்கிக் காட்டும். கர்ப்பம் இல்லாத காலமாக இருந்தால் இரும்பை நிரப்பிவிட்டு மறுபடி பார்க்கலாம். கர்ப்பம் நடந்துகொண்டிருந்தால் காத்திருக்க நேரமில்லை. உடனே மரபணுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அவருக்குக் கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் ஏ2 அளவை நம்ப முடியாது என்பதால் அதையும் கேட்டு எழுத வேண்டும்.

உறவினருக்கு ஒரு தனிச் சீட்டு

கேரியர் ஒருவரின் உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் கேரியராக இருக்கக் குறைந்தது நான்கில் இரண்டு வாய்ப்பு. மனைவியின் தம்பிக்கும் கணவரின் தங்கைக்கும் சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் கடிதத்தையே எடுத்துக் காட்டச் சொன்னால், கர்ப்பம், பரிசோதனை, முடிவுகள் என்று எல்லாமே வாட்ஸ்அப்பில் சுற்றும். தங்கைக்கு வரன் பார்க்கும் வீட்டில் அந்தப் பயத்தாலேயே யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அரைப் பக்கத்தில், தம்பதியின் பெயரும் கர்ப்பமும் இல்லாத தனிச் சீட்டு வைப்பது இதற்கு நல்ல வழி:

"உங்கள் நெருங்கிய உறவினர் ஒருவர் பீட்டா தலசீமியா கேரியர். நீங்களும் கேரியராக இருக்கலாம். முழு ரத்த எண்ணிக்கை, ஹெச்.பி.எல்.சி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கேரியர் யாரை வேண்டுமானாலும் திருமணம் செய்யலாம், குழந்தை பெறலாம். துணைவரும் கேரியரா என்பதை மட்டும், முடிந்தவரை கர்ப்பத்துக்கு முன், பார்த்துக்கொள்ள வேண்டும்."

மூலக் கடிதத்தில் இருவரின் முடிவும் ஒன்றாக இருப்பதால் இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். யாருக்கு நகல் போகிறது என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். மருத்துவர்களுக்கான எண்கள், அதாவது ஹீமோகுளோபின், எம்.சி.வி., ஏ2, ஃபெரிட்டின், மரபணு மாற்றத்தின் பெயர், எல்லாம் கடிதத்தின் அடியில் தனிக் கட்டத்தில் இருக்கட்டும். மேலே குடும்பம் படிக்கட்டும், கீழே டாக்டர் படிக்கட்டும்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் மூன்றாம் நாள் ஒரு போன். 'புரிந்ததா' என்று கேட்டால், 'புரிஞ்சுதுங்க' என்ற பதில்தான் வரும். "உங்க அத்தைகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" என்று மனைவியிடமும், "அடுத்து எந்தத் தேதிக்கு எங்க போகணும்?" என்று கணவரிடமும் கேட்க வேண்டும். 'நோய் இருக்குதாம்' என்று வந்தால் முதல் பத்தி வேலை செய்யவில்லை. 'நாலாவது கொழந்தைக்கு' என்று வந்தால் கணக்குப் பத்தி வேலை செய்யவில்லை. தேதி தெரியாவிட்டால் அதைத் தடித்த எழுத்தில் போட்டு, திருத்திய கடிதத்தை அன்றே அனுப்ப வேண்டும், பழையதைக் கிழித்துப் போடச் சொல்லி. ஒரே வீட்டில் இரண்டு கடிதம் இருந்தால் பழையதுதான் கையில் கிடைக்கும்.